பதினாறா, பதினேழா

செஞ்சியில், திருவண்ணாமலை சாலையில், ஒரு குழாய்க் கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு படிக்கட்டு எண்ணுவதுதான் வெண்மதியின் வேலை. சிரிக்க வேண்டாம். கணிதத்தில் பட்டம் வாங்கிய பெண், காலை ஒன்பதரை மணிக்குக் கைப்பேசியைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனால், மாலை வரை படி, சன்னல், கதவு, சுவர் என்று இதுவே கதி.

எல்லாம் படத்தில் இருக்கும் வீடுகள். எங்கேயோ இருக்கும் ஒரு கம்பெனி அனுப்பும். அதில் பாதி கேமராவில் எடுத்த நிஜமான படம். மீதி ஏஐ போட்டது. யாரோ நாலு வார்த்தை எழுதிக் கேட்க, கம்ப்யூட்டர் தானாக உண்டாக்கித் தந்த வீடு. எது எது என்று பிரிக்க வேண்டும், ஏஐ என்றால் எங்கே தப்பு என்று சிவப்புக் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். இவர்கள் காட்டுவதைப் பார்த்து அது திருந்துமாம். அது திருந்திவிட்டால் நமக்கு என்ன வேலை என்று பக்கத்துச் சீட்டு ஷோபனா ஒருநாள் கேட்டாள்.

முதல் பார்வைக்கு அந்த வீடுகள் அவ்வளவு அழகாக இருக்கும். வெயில் பளிச்சென்று விழும், தரை மின்னும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால்தான் கோளாறு தெரியும். மேலே ஏறுகிற படிக்கட்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய், மறுபக்கம் கீழே இறங்கிக்கொண்டு வரும். கைப்பிடி வீட்டுக்குள் ஆரம்பித்து சன்னலுக்கு வெளியே முடியும். ஒரே வரிசையில் இருக்க வேண்டிய மூன்று சன்னல்களில் நடுவில் இருப்பது மட்டும் நாலு விரல்கடை இறங்கியிருக்கும். சோபாவுக்குப் பின்னால் மறைந்த தரைக்கோடு, மறுபக்கம் வெளியே வரும்போது வேறு இடத்தில் வரும். அதற்கு வீடு தெரியாது, வீட்டின் சாயல்தான் தெரியும் என்று டீம் லீடர் விமல்ராஜ் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தான். படிக்கட்டு எப்படித் தெரியும் என்று அதற்கு அத்துப்படி. எத்தனை படி என்று அது எண்ணிப் போடுவதில்லை. அதனால் படியை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை எண்ணு. எண்ணிக்கை வேறாக வந்தால் ஏஐ.

நாலு மாதம் இப்படியே போனதில் வெண்மதிக்கு ஊரே கோணலாகத் தெரிய ஆரம்பித்தது. பேருந்து நிலையத்தில் நின்றால் எதிர்க் கட்டடத்தின் சன்னலை எண்ணுவாள். ராஜகிரிக் கோட்டையைப் பார்த்து, அந்த மதில் பாறைக்குப் பின்னால் போய்ச் சரியாகத்தான் வெளியே வருகிறதா என்று யோசித்து நின்றதில் ஒருநாள் பேருந்தைத் தவறவிட்டாள். வீட்டில் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள் என்று சொல்லவில்லை.

ஆனாலும் இந்த வேலை போய்விடக் கூடாது. போனால் மறுபடியும் ஒரகடத்து ஃபேக்டரி. இரண்டு வருடம் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுத்து, ஷிப்டுக்கு ஷிப்டு தூக்கத்தை மாற்றி, சாப்பாடே மருந்துபோல ஆன இடம். அங்கே இனி செத்தாலும் போகமாட்டேன் என்று பெட்டியோடு வந்து இறங்கியவள் அவள்.

மாதத்துக்கு ஒரு தேர்வு. ஐம்பது படம், விடை ஏற்கெனவே கம்பெனியிடம் இருக்கும். தொண்ணூறு சதவீதம் சரியாக இருந்தால் தொடரலாம். இந்த மாதம் வெண்மதிக்கு நாற்பத்து நான்கு. ஒன்று குறைந்தது.

"எண்பத்தெட்டு வெண்மதி," என்றான் விமல்ராஜ். அவனுக்கும் முகம் தொங்கிப் போயிருந்தது. "அஞ்சு படம் உன் தப்புதான், நானே பாத்துட்டேன். இந்த ஆறாவது இன்னா? இதப் போய் எப்படி ரியல்னு போட்ட?"

திரையில் அந்த வீடு. சாதாரண மாடி வீடு, வெளியே படிக்கட்டு. இடப்பக்கம் எண்ணினால் பதினாறு. வலப்பக்கம் எண்ணினால் பதினேழு. கீழே முதல் படிக்கு முன்னால், வலது பாதியில் மட்டும், குட்டையாக ஒரு படி ஒட்டிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு மேல் சன்னல் கீழ்ச் சன்னலுக்கு நேராக இல்லை. ஓர் அடி தள்ளி இருந்தது.

"சார், இது லாபப்படி சார்."

"இன்னாது?"

"லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்னு எண்ணிகிட்டே ஏறுவாங்கல்ல சார்? கடைசிப் படி லாபத்துல முடியணும். பதினாறுன்னா நஷ்டம். அதுக்காகக் கீழே ஒண்ணு வெச்சிருக்காங்க. ஏஐக்கு லாபம் நஷ்டம் எப்படி சார் தெரியும்?"

விமல்ராஜ் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "பாதிப் படியா வெப்பாங்க? எங்க ஊட்டுலகூட எண்ணித்தான் கட்டுனாங்க. முழுசாத்தான் கட்டுனாங்க."

ஏன் பாதி? அதுதான் அவளுக்கும் புரியவில்லை. அன்றைக்கு ரியல் என்று அழுத்தும்போது அவ்வளவு நிச்சயமாக இருந்த மனசு, இப்போது பார்க்கப் பார்க்கக் குழம்பியது. விடை போட்டவன் மட்டும் கோட்டு சூட்டு போட்ட கடவுளா என்ன, அவனும் எங்கேயோ உட்கார்ந்து கண்ணால் பார்த்துப் போட்டவன்தானே? ஆனால் அவளும் கண்ணால் பார்த்தவள்தானே?

"அப்பீல் பண்ணலாம். மூணு நாள் டைம். ஆதாரம் வேணும்," என்றான் விமல்ராஜ். அந்த வீடு காசியில் இருக்கிறதா கன்னியாகுமரியில் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? ஆதாரத்துக்கு எங்கே போக?

வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதத்தில் அந்தப் படிக்கட்டை வரைந்தாள். அவள் அப்பா தேவேந்திரன் முப்பது வருடமாக மேஸ்திரி. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரை அவர் கட்டிய வீடுகள் இருக்கின்றன. கேட்டால் ஏதாவது சொல்வார் என்று நீட்டினாள்.

"நைனா, இந்த மாதிரி பாதிப் படி யாராவது கட்டுவாங்களா?"

தேவேந்திரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பார்த்தவர் கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"இதுக்கு இப்ப இன்னா?"

வெண்மதி எல்லாவற்றையும் சொன்னாள். தேர்வு, ஒரு மதிப்பெண், மூன்று நாள். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"பொய்யின்னே போட்டுடேன். அவங்கதான் சொல்றாங்களே."

"பொய்யின்னா என் வேலை போச்சு நைனா. உண்மையா இருந்தா ஏன் பாதி? அதான் புரியல. இடது கைப்பக்கம் வைக்காம ஏன்..."

"இடது பக்கம் தண்ணித் தொட்டி மூடி இருக்குது. அங்க படி வெச்சா மூடியத் தொறக்க முடியாது," என்றார் தேவேந்திரன்.

அவள் தொட்டி மூடியை வரைந்திருக்கவில்லை. படத்திலும் அந்த இடத்தில் ஒரு செருப்புக் குவியல்தான் இருந்தது. வெண்மதி அப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார்.

"நைனா, இது நீ கட்டுனதா?"

பதினான்கு வருடத்துக் கதை அப்புறம்தான் வெளியே வந்தது. மேல்மலையனூரில் விருத்தாம்பாள் என்ற அம்மாள் கட்டிய வீடு. படி பதினாறு, அதற்கு மேல் மாடித் தரை. தேவேந்திரன் மாடியையும் ஒரு படியாகச் சேர்த்துப் பதினேழு, லாபம் என்று எண்ணிக் கட்டிவிட்டார். கான்கிரீட் காய்ந்த பிறகு அந்தம்மாள் ஏறிப் பார்த்தாள். படிதான் படி, மாடி எப்படிப் படியாகும் என்றாள். பதினாறு, நஷ்டம். இடித்துக் கட்டு, இல்லை ஒன்று சேர்த்துக் கட்டு. கீழே சேர்த்தார். தொட்டி மூடி குறுக்கே வந்தது, பாதியில் நிறுத்தினார்.

"அவங்க கணக்குல அது லாபம். என் கணக்குல அப்பதான் நஷ்டமே ஆச்சு," என்றார் அவர். "அதோட போச்சா? பாதிப்படி மேஸ்திரி. அந்தப் பக்கமே எனக்கு அதான் பேரு. கலவை கலக்குறவன்கூடச் சிரிச்சான். மலையனூர் வேலையே வேணாம்னு விட்டுட்டேன். அங்காளம்மனுக்குக்கூடக் கூட்டத்தோட கூட்டமாப் போயி கூட்டத்தோட கூட்டமா வந்துருவேன். கம்ப்யூட்டரே அப்படி ஒரு வீடு இல்லேன்னு சொல்லுது. நீ ஏன் இருக்குதுன்னு போய் நிக்கிற?"

வெண்மதிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதைச் செய்வதென்று தெரியாமல் தண்ணீர் குடித்தாள். அந்த வீடு உண்மை என்றால் அவளுக்கு வேலை. பொய் என்றால் அப்பாவுக்கு நிம்மதி. ஒரே படிக்கட்டு இரண்டு பேரையும் இரண்டு பக்கம் இழுத்தது.

"ஒரகடம் போகமாட்டேன் நைனா," என்றாள் கடைசியில். அவர் கை கழுவப் போனார். அதைச் சம்மதம் என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

அமாவாசைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அதனால் மறுநாள் மேல்மலையனூர் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. விசாரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பாதிப்படி வீடு என்றதும் பூக்காரப் பெண் கையைக் காட்டினாள்.

வீடு அப்படியே இருந்தது. படத்தில் பார்த்ததை நேரில் பார்த்தால் தெளிவு வரும் என்று நினைத்து வந்தவளுக்கு, தலைதான் சுற்றியது. நேரிலும் அது பொய்யாகவே தெரிந்தது. பதினாறு, பதினேழு. மேல் சன்னல் தள்ளி நின்றது. தெரு வளைவதால் மதிலும் வளைந்து போனது. நாலு மாதம் பழகிய கண் எங்கே பார்த்தாலும் சிவப்புக் கட்டம் போட்டது.

விருத்தாம்பாள் அந்தப் பாதிப் படியில்தான் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யார் மகள் என்று சொன்னதும் கீரையை ஒதுக்கி வைத்தாள்.

"தேவேந்திரன் பொண்ணா நீ? வா வா. உங்கப்பன் ஏன் இந்தப் பக்கமே வர்றதில்ல? மருமக சீமந்தத்துக்குக்கூடச் சொல்லி அனுப்புனேன்."

"வேலை ஜாஸ்தி ஆயா," என்று பொய் சொன்னாள் வெண்மதி. "மேல் சன்னல் ஏன் தள்ளி இருக்குது?"

"கீழச் சன்னல் வெச்சப்புறம் எதுத்தாப்புல கரண்டுக் கம்பம் நட்டாங்க. மேலயும் அதுக்கு நேரா வெச்சா ஆகாதுன்னாங்க. தள்ளி வெச்சோம்."

எல்லாவற்றுக்கும் இந்த வீட்டில் ஒரு காரணம் இருந்தது. ஒரு காரணமும் படத்தில் தெரியாது, அதுதான் தொல்லை. விருத்தாம்பாளைப் பாதிப் படியில் ஒரு கால் வைத்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்தாள். தெரு குறுகல். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றும் வீடு முழுசாக அடங்கவில்லை. கடைசியில் கைப்பேசியில் அகலமாக எடுக்கும் லென்சைத்தான் போட வேண்டியிருந்தது. அதில் எடுத்தால் ஓரத்தில் இருக்கும் நேர்க்கோடெல்லாம் வளையும் என்று அவளுக்கே தெரியும். வேறு வழியில்லை.

மறுநாள் விமல்ராஜ் அந்தப் படத்தைப் பார்த்து அசந்துவிட்டான். ஆனாலும் அவன் டீம் லீடர் அல்லவா, முறை என்று ஒன்று இருக்கிறதே. யாரிடமும் எதுவும் சொல்லாமல், அன்றைய வேலையோடு வேலையாக அதை மூன்று பேருக்கு அனுப்பினான். மூன்று பேரும் ரியல் என்றால் அப்பீலோடு அதையும் சேர்த்து அனுப்பலாம்.

மூன்று பேரும் ஏஐ என்றார்கள்.

ஷோபனா நாலு கட்டம் போட்டிருந்தாள். படி எண்ணிக்கை தப்பு. சன்னல் வரிசை தப்பு. ஓரத்துச் சுவர் வளைந்திருக்கிறது. நாலாவது கட்டம் விருத்தாம்பாளின் மேல்: ஒரு கால் உயரம், ஒரு கால் தாழ்வு, இப்படி ஒரு மனுஷி நிற்க முடியாது.

"அடியே, அவங்க ஒரு கால படியிலயும் ஒரு கால தரையிலயும் வெச்சிருக்காங்கடி!" என்றாள் வெண்மதி.

"எனக்கு எப்படிடி தெரியும்? கீழ செருப்புக் குவியல் மறைச்சிகிச்சு," என்றாள் ஷோபனா. பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தச் சுவராவது, ஓரத்துல மெதுவா ஒரே சீரா வளைஞ்சா லென்சு, நடுவுல திடுக்குனு ஒடைஞ்சா ஏஐ, அது தெரியும். ஆனா இவ்ளோ தப்பு ஒண்ணாச் சேர்ந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

அதுவும் நியாயம்தான். நேரில் நின்று பார்த்த வெண்மதிக்கே அந்தப் படத்தைத் திரையில் பார்க்கும்போது சந்தேகம் வந்தது. போனது உண்மைதானா, கீரை ஆய்ந்ததைப் பார்த்தது உண்மைதானா? பேருந்துச் சீட்டு கைப்பையில் இருந்ததால் பிழைத்தாள்.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். அப்பாவுக்காவது ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாள். "நீ சொன்னபடியே ஆச்சு நைனா. மூணு பேரும் அந்த வீடு பொய்யின்னுட்டாங்க. அந்த ஆயாவையும் சேத்துத்தான்."

தேவேந்திரன் முகம் மாறியது. "யாரு சொன்னது?"

"ஆபீஸ்ல."

"கட்டுமானம் தெரியுமா அவங்களுக்கு? பதினாலு வருஷமா மழையும் வெயிலும் பாத்துட்டு ஒரு விரிசல் இல்லாம நிக்குது. பொய்யாம்ல?"

"நீதானே நைனா பொய்யின்னு போடச் சொன்ன?"

"நான் சொல்லலாம். நான் கட்டுனவன். அவன் யாரு சொல்றதுக்கு?"

மறுநாள் காலை அவளுக்கு முன்னால் அவர் தயாராக நின்றார். சலவைச் சட்டை, கையில் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் வைத்த வேலைப் பை. வழியெல்லாம் வேண்டாம் நைனா என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். குழாய்க் கடை மாடிப் படியில் அவர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஏறி, மேலே போய் நின்றார்.

"சார், உங்க படி நஷ்டத்துல முடியுது," என்றார் விமல்ராஜிடம். அவரது முதல் பேச்சே அதுதான்.

விமல்ராஜ் வெளியே ஓடிப்போய் எண்ணிவிட்டு வந்தான். "இல்லீங்களே, பதினஞ்சு. லாபம்தான்."

"மாடியச் சேத்தீங்களா?"

"மாடியச் சேக்கணுமா?"

அவ்வளவுதான், வேலை நின்றது. அங்கே வேலை செய்த பதினெட்டுப் பேரும் எழுந்து படிக்கு வந்துவிட்டார்கள். பாதிப் பேர் சேர்க்க வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள். ஷோபனா இரண்டு முறை எண்ணி இரண்டு விடை சொன்னாள். கீழே இருந்து குழாய்க் கடைக்காரர் வந்து, கட்டடம் தன்னுடையது, அது லாபமா நஷ்டமா என்று இப்போதே தெரிந்தாக வேண்டும் என்று நின்றார். படத்தில் நாள் முழுக்கப் படி எண்ணுகிற கூட்டத்தால், காலால் தினம் ஏறுகிற படியை எண்ணி ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அந்தக் கூச்சலில்தான் விமல்ராஜுக்கு விஷயம் உறைத்தது: இன்னொரு படம் ஆதாரம் ஆகாது, கட்டியவர் சொல்லும் காரணம்தான் ஆதாரம். தேவேந்திரனை உட்கார வைத்து, பதினாறு எப்படிப் பதினேழு ஆனது, தொட்டி மூடி எங்கே, சன்னல் ஏன் தள்ளியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினான். லாபம் நஷ்டத்துக்கு என்ன எழுதுவது என்று அரைமணி நேரம் திண்டாடி, ப்ராஃபிட் ஸ்டெப் என்று போட்டான். படித்த வெள்ளைக்காரன் என்ன நினைத்திருப்பானோ. தேவேந்திரன் ஒவ்வொரு வரிக்கும், "கட்டுனவன் பேரப் போட்டீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அதையும் போட்டார்கள். அப்புறம்தான் அவர் எழுந்து போனார்.

மறுநாள் பதில் வந்தது. ஒரே வரி: இந்தப் படம் தேர்விலிருந்து நீக்கப்படுகிறது.

சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை. நாற்பத்தொன்பதில் நாற்பத்து நான்கு. விமல்ராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தான், எண்பத்தொன்பது புள்ளி ஏழு சொச்சம் வந்தது. ஆனால் திரை அதை முழு எண்ணாக்கித் தொண்ணூறு என்று காட்டி, பச்சை விளக்குப் போட்டது. தொட வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று இரண்டு பேரும் திரையைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார்கள். ஒரகடம் இல்லை.

வெண்மதி பெட்டியிலிருந்து கைப்பேசியை எடுத்து, படியில் நின்றபடியே அப்பாவுக்குப் போட்டாள்.

"வேலை இருக்குது நைனா!"

"நல்லது. வீடு இன்னா ஆச்சு? உண்மைன்னு ஒத்துகிட்டானா?"

"இல்ல நைனா."

"பொய்யின்றானா?"

"அதுவும் இல்ல. நீக்கிட்டாங்களாம்."

அந்தப் பக்கம் கலவை இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீக்கிட்டானா?" என்றார் தேவேந்திரன். "பதினாலு வருஷமா நானும் அதுக்குத்தான் பாத்தேன் வெண்மதி. எனக்கு முடியல. அவன் எப்படி நீக்குனான்னு கேட்டுச் சொல்லு."